புகைக்குழாயில் செருகும் கருவி எதை அளக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எனக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருக்கிறது. வருகிறவற்றில் பாதி, தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள். சில மாதங்களுக்கு முன் ஒரு லோரிக்காரர் இரண்டு விவரங்களோடு வந்தார். ஒன்று, அவருடைய லோரியின் புகை அளவு 62 என்று வந்த துண்டுச்சீட்டு. மற்றொன்று, திருச்சிப் பக்கம் லோரி வைத்திருக்கும் அவருடைய மச்சான் கைப்பேசியில் அனுப்பிய மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழின் படம். அதிலும் 62தான்.

“அண்ணே, அவனுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. அதே 62க்கு எனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? கருவியில் கோளாறா?” என்று கேட்டார்.

கருவியில் கோளாறு இல்லை. இந்தியாவில் பி.எஸ் 4 என்ற மாசுத் தரத்துக்கு முந்திய டீசல் வண்டிகளுக்கு வரம்பு 65. மச்சானுடைய லோரி அந்தக் காலத்து வண்டி. மலேசியாவில் 1996ஆம் ஆண்டின் டீசல் புகைக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் வைத்திருக்கும் வரம்பு 50. ஆனால் அவர் அதோடு விடவில்லை. “62 என்றால் எதில் 62?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், எந்த வண்டிக்கு எந்தச் சோதனை

பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு அளக்கப்படும். டீசல் வண்டிக்குப் புகையின் கருமை அளக்கப்படும். இரண்டுக்கும் இரண்டையும் அளப்பதில்லை, அதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் இஞ்சினில் எரிபொருளும் காற்றும் ஏறக்குறைய கணக்காகச் சேர்கின்றன. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று கொஞ்சம் குறைந்தாலும் கரிமம் பாதி எரிந்து, கண்ணுக்குத் தெரியாத, மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். டீசல் இஞ்சினில் காற்று எப்போதும் மிச்சம் இருக்கும், அதனால் அந்த வாயு குறைவு. ஆனால் டீசல் துளித்துளியாகத் தெளிக்கப்படுவதால், துளியைச் சுற்றிலும் காற்று எட்டாத இடங்கள் இருக்கும். அங்கே எரிபொருள் கருகிக் கரித்துகளாகிவிடும். அதுதான் நாம் பார்க்கும் கரும்புகை.

இரண்டு கருவிகளும் செய்வது அடிப்படையில் ஒரே வேலை. ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் அந்த வெளிச்சத்தை வாங்கும் உணரி, நடுவில் வண்டியின் புகை. கிளம்பிய வெளிச்சத்தில் எவ்வளவு வந்து சேரவில்லை என்று பார்ப்பதுதான் அளவு. ஆகவே புகை அந்த நடுக்குழாய்க்குள் எப்படி வந்தது என்பதைப் பொறுத்தே எண் அமையும். பட்டறையில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

கார்பன் மோனாக்சைடு: கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

கார்பன் மோனாக்சைடு நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைப்பதில்லை. ஆனால் சுமார் 4.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை அது உறிஞ்சும். கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சும் அலைநீளம் வேறு, சுமார் 4.3. கருவிக்குள் ஒவ்வொரு வாயுவுக்கும் அதன் அலைநீளத்தை மட்டும் விடும் வடிகட்டிக் கண்ணாடி இருக்கிறது. அதனால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் குழம்பாமல் தனித்தனியாகச் சதவீதம் காட்ட முடிகிறது. ஆக்சிஜன் அகச்சிவப்பில் பிடிபடாது. அதற்கென்று மின்வேதி உணரி ஒன்று தனியாக இருக்கும், சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும் பொருள் அது.

வேலை நடக்கும் வரிசை இது. கருவியை முதலில் சூடாக விடவேண்டும். பிறகு சுத்தக் காற்றை இழுக்க வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். பட்டறை வாசலில் இன்னொரு வண்டி உறுமிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்தால் பூச்சியமே பொய்யாகிவிடும். அடுத்து, செருகுகுழலின் வாயை அடைத்துக் கசிவுச் சோதனை. குழலில் வெடிப்பு இருந்தால் பம்பு வெளிக்காற்றையும் சேர்த்து இழுக்கும், எண் குறைவாக வரும். நீர்ப்பிடிப்புக் குப்பியில் தண்ணீர் தேங்கியிருந்தால் கொட்டிவிட வேண்டும்.

வண்டியின் பக்கம், இஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். குளிரூட்டி, விளக்கு எல்லாம் அணைத்திருக்க வேண்டும். கியர் நியூட்ரலில். செருகுகுழல் புகைக்குழாய்க்குள் குறைந்தது 30 சென்டிமீட்டர் போகவேண்டும். குழாயின் வாயருகே வெளிக்காற்று உள்ளே திரும்பி வரும் என்பதால் இந்த ஆழம். மிதியைத் தொடாமல் இஞ்சினைத் தானாக ஓடவிட்டு, எண் நிலைக்கும்வரை காத்திருந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் பி.எஸ் 4 பெட்ரோல் கார்களுக்கு இந்த நிலையில் வரம்பு 0.3 சதவீதம். அதோடு இன்னொரு படியும் உண்டு. இஞ்சினை நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,500 சுற்றில் பிடித்து மறுபடியும் அளப்பார்கள். அப்போது 0.2ஐத் தாண்டக் கூடாது. புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிப் பெட்டி உண்மையில் வேலை செய்கிறதா என்பது அந்த இரண்டாவது படியில்தான் தெரியும்.

இப்போது ஒரு காரை எடுத்துக்கொள்வோம். போன ஆண்டு ஒருவர் கொண்டுவந்த, எரிபொருள் தெளிப்பு முறையுள்ள சிறிய கார். என் கருவியில் வந்தவை: கார்பன் மோனாக்சைடு 0.24, கார்பன் டை ஆக்சைடு 8.8, ஆக்சிஜன் 8.6. முதல் எண்ணை மட்டும் பார்த்தால், இந்தியாவின் 0.3 வரம்பில் வைத்தால்கூட வண்டி தேறிவிட்டது. அடுத்த இரண்டையும் பார்த்தவுடன் சந்தேகம் வந்தது.

ஒழுங்காக எரியும் பெட்ரோல் இஞ்சினில் இரண்டு கார்பன் வாயுக்களையும் கூட்டினால் 15ஐ ஒட்டி வரும், ஆக்சிஜன் ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்கும். இங்கே கூட்டினால் 9.04. ஆக்சிஜனோ 8.6. புகையோடு வெளிக்காற்று கலக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை. கலந்ததை நீக்கிப் பார்க்கும் கணக்கு எளிது:

```
0.24 × 15 ÷ (0.24 + 8.8) = 0.40
```

ஆக உண்மையான அளவு 0.24 அல்ல, 0.40. காரை உயர்த்திப் பார்த்தேன். ஒலியடக்கிக்கு முன்னால் குழாயின் மேற்புறம், கையால் தடவினால் மட்டும் தெரியும் இடத்தில், துருப்பிடித்து ஒரு துளை. வெளியேறும் புகை துடித்துத் துடித்துப் போவதால், ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் அந்தத் துளை காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

துளையைப் பற்றவைத்து மூடியபின் மறுபடியும் அளந்தேன். 0.40, 14.5, 0.6. கணக்கு சரியாக வந்தது, ஆனால் வண்டி இப்போது அந்த 0.3 வரம்பில் தேறாது. உரிமையாளரின் முகம் வாடிவிட்டது. “சரிசெய்யக் கொடுத்தேன், நீங்கள் கெடுத்துக் கொடுக்கிறீர்களே” என்றார். அவருடைய வீடு எதிர்ச்சாரியில், சந்தைக்குப் பின்னால். கார் ஓடியது அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. பற்றவைக்கும்போது மறுபடியும் ஆறிவிட்டது. வினையூக்கிப் பெட்டி சுமார் 250 முதல் 300 பாகை வரை சூடானால்தான் கார்பன் மோனாக்சைடை எரிக்கத் தொடங்கும். வெறுமனே நின்று ஓடினால் அந்தச் சூடு மெதுவாகத்தான் வரும். ஈப்போ சாலையில் இருபது நிமிடம் ஓட்டிக்கொண்டு வரச் சொன்னேன். திரும்பி வந்ததும் 0.1க்குக் கீழே போய்விட்டது.

துளை எண்ணைக் குறைத்தது, குளிர் எண்ணைக் கூட்டியது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு ஒரு நல்ல எண்ணாக நின்றன. இதனால்தான் கார்பன் மோனாக்சைடை மட்டும் தனியாகப் படித்து நான் எதுவும் சொல்வதில்லை. செருகுகுழலை வேண்டுமென்றே பாதி வெளியே இழுத்துவைப்பவர்களும் இதே கணக்கில்தான் அகப்படுவார்கள்.

கரும்புகை: 62 என்பது எதில் 62

இனி லோரிக்கு வருவோம். புகைமானிக்குள் ஒரு குழாய் இருக்கிறது. வெளிச்சம் அதில் புகையைக் கடந்துபோகும் தூரம் 43 சென்டிமீட்டர். ஒரு முனையில் பச்சை விளக்கு, மறுமுனையில் உணரி. கரித்துகள் பச்சை வெளிச்சத்தை நன்றாக மறைக்கும், மனிதக் கண்ணும் அந்த நிறத்துக்கே அதிகம் கூர்மை. குழாயைச் சூடாக வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் புகையிலுள்ள நீராவி உள்ளே பனித்துவிடும். இரு முனைக் கண்ணாடிகளிலும் கரி படியாமல் இருக்கச் சின்ன விசிறிகள் காற்றுத் திரை போட்டுக்கொண்டிருக்கும். அந்த விசிறியில் தூசு அடைத்துவிட்டால், சுத்தமான லோரியும் அழுக்காகக் காட்டும். அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால், புகை இல்லாமல் எண் பூச்சியத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நூறு பங்கு வெளிச்சம் கிளம்பி 38 பங்கு மட்டும் மறுமுனைக்கு வந்தால், மறைந்தது 62. இந்த அளவுக்கு ஹார்ட்ரிட்ஜ் அலகு என்று பெயர், திரையில் `HSU` என்று வரும். லோரிக்காரரின் 62 அதுதான்.

இதில் எல்லாரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. 31ஐவிட 62 இரண்டு மடங்கு கரி என்று நினைப்பது இயல்பு, ஆனால் அது தவறு. ஒரு மெல்லிய திரை பாதி வெளிச்சத்தை மறைக்கிறது என்று வையுங்கள். அதே போன்ற இன்னொரு திரையைப் பின்னால் தொங்கவிட்டால், மிஞ்சிய பாதியில் பாதியைத்தான் அது மறைக்கும். மொத்தம் மறைந்தது 75, நூறல்ல. கரி இரட்டித்தால் 50 என்பது 75 ஆகிறது. எண் மேலே போகப்போக, ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் இருக்கும் கரியும் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் கருவி `k` என்று இன்னோர் எண்ணும் தருகிறது. அது ஒரு மீட்டர் புகையின் அடர்த்தி. கரி இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். இரண்டையும் இணைக்கும் சூத்திரம்:

```
HSU = 100 × (1 − e^(−0.43 × k))
```

இந்திய விதியில் 65க்கு நேராக 2.45 என்றும், பி.எஸ் 4 வண்டிகளுக்கு 50க்கு நேராக 1.62 என்றும் இரண்டு எண்கள் அருகருகே இருப்பது இதனால்தான். 65க்கும் 50க்கும் இடையில் பதினைந்து புள்ளிதான் என்று தோன்றும். கரியாகப் பார்த்தால் ஒன்றரை மடங்கு.

லோரியை அளந்த விதம்

வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது, சுமை இல்லை. பிறகு எப்படிப் புகை வரும்? மிதியைச் சட்டென்று முழுதாக அமுக்கினால், தனக்குள் சுழலும் கனமான பாகங்களைத் தானே வேகமேற்ற வேண்டிய பாரம் இஞ்சினுக்கு வருகிறது. அந்த ஒன்றிரண்டு விநாடியில் டீசல் முதலில் வந்துவிடும், டர்போ காற்றைக் கொண்டுவரக் கொஞ்சம் தாமதமாகும். அந்த இடைவெளியின் கருமைதான் அளக்கப்படுகிறது.

அதனால் மிதிப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. இஞ்சின் எண்ணெய் அளவு, நீர், வார்ப்பட்டைகள். பிறகு மிதியை மெதுவாக ஏற்றி, உச்ச வேகத்தில் வேகக்கட்டுப்படுத்தி உண்மையில் நிறுத்துகிறதா என்று காதால் கேட்டுக்கொள்ள வேண்டும். அது வேலை செய்யாத இஞ்சினில் திடீரென்று முழுதாக மிதித்தால் சோதனை முடிவதற்குள் இஞ்சின் முடிந்துவிடும். என் பட்டறையில் இந்தப் படியைத் தாண்டாத வண்டிக்கு அளவே எடுப்பதில்லை, யார் அவசரப்படுத்தினாலும்.

லோரி சூடாக இருக்க வேண்டும், நின்றபடி ஓடிய சூடு போதாது. வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும் டீசல் இஞ்சின் புகைக்குழாயில் கரியைச் சேர்த்துவைக்கும். நம் ஊரில் விடிகாலையில் இன்னொரு தொந்தரவு, மழைக்குப் பின் குழாயில் ஈரம் தங்கி வெண்மையாக ஆவி வரும். கருவிக்குக் கரியும் ஆவியும் வேறு வேறு என்று தெரியாது. வெளிச்சத்தை மறைத்தால் எண் ஏறும், அவ்வளவுதான்.

முதலில் செருகுகுழல் இல்லாமலேயே மூன்று தடவை முழுதாக மிதித்து விட்டேன். குழாயில் சேர்ந்திருந்த பழைய கரி கட்டியாகப் பறந்தது. பிறகு குழலைப் புகை வரும் திசையைப் பார்த்தபடி, குழாயின் நடுவில் நிற்கும்படி செருகினேன். மிதியை ஒரு விநாடிக்குள் அடிவரை அமுக்கி, வேகம் உச்சத்தில் நின்றதும் விட்டுவிட வேண்டும். பத்து விநாடியாவது இஞ்சினை அமைதியாக ஓடவிட்டு, டர்போ தணிந்தபின் அடுத்த மிதி. ஒவ்வொரு மிதிக்கும் கருவி உச்ச அளவைப் பிடித்துக்கொள்ளும்.

ஆறு மிதிக்கு வந்த `k` அளவுகள்: 2.9, 2.6, 2.3, 2.2, 2.25, 2.15. முதல் இரண்டு இன்னும் கழுவிக்கொண்டிருந்த கரி. கடைசி நான்கும் ஒன்றுக்கொன்று 0.25க்குள் இருக்கின்றன, படிப்படியாக இறங்கிக்கொண்டும் போகவில்லை. இரண்டு நிபந்தனைகளும் முக்கியம். இறங்கிக்கொண்டே போனால் குழாய் இன்னும் சுத்தமாகிக்கொண்டிருக்கிறது, சோதனை முடியவில்லை என்று பொருள். நான்கின் சராசரி 2.225. சூத்திரத்தில் போட்டால் 61.6. துண்டுச்சீட்டில் இருந்த 62ம் என்னுடையதும் ஒன்றே. மச்சானின் வரம்பான 2.45க்குக் கீழே, நம் வரம்புக்கு மேலே.

“பம்பில் டீசலைக் குறைத்துவிடுங்கள் அண்ணே, புகை போய்விடும்” என்றார் லோரிக்காரர். போகும், உண்மைதான். அந்தத் திருகைத் திருகிச் சோதனைக்குப் போய்வந்து மறுபடியும் கூட்டிவைக்கும் வழக்கம் பழைய பம்பு வண்டிகளில் உண்டு. ஆனால் அப்படிச் செய்தால் குலைகளோடு மேட்டில் ஏறும்போது லோரி மூச்சுத்திணறும், அன்று மாலையே திருகு பழைய இடத்துக்குப் போய்விடும். கரும்புகை என்றால் டீசலுக்குக் காற்று போதவில்லை என்று பொருள். டீசலைக் குறைப்பதற்கு முன் காற்று எங்கே போனது என்று தேட வேண்டும்.

காற்று வடிகட்டியைக் கழற்றினேன். தோட்டத்துச் செம்மண் தூசு மடிப்புக்கு மடிப்பு அப்பிப்போயிருந்தது, தட்டினால் செங்கல் பொடி போல் உதிர்ந்தது. புதியது போட்டு அளந்ததில் `k` 1.85, அதாவது 55. பெரிய இறக்கம், ஆனாலும் போதவில்லை. டர்போவிலிருந்து காற்றுக் குளிர்விப்பானுக்குப் போகும் ரப்பர் குழாயைத் தடவிப் பார்த்தேன். பிடிவளையத்துக்குக் கீழே எண்ணெய்ப் பிசுக்கு. நிறுத்திய நிலையில் கிழிசல் தெரியவில்லை. உதவிப் பையனை மிதிக்கச் சொல்லிவிட்டு விரலைச் சற்றுத் தள்ளி வைத்தேன், சீறிக்கொண்டு காற்று அடித்தது. அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய்பிளக்கும் கிழிசல். குழாயை மாற்றியபின் கடைசி நான்கு மிதிகள் 1.4, 1.3, 1.35, 1.3. சராசரி 1.34. ஹார்ட்ரிட்ஜில் 44.

தெளிப்பான்களைத் தொடவே இல்லை. பலர் முதலில் அதற்குத்தான் செலவழிக்கிறார்கள். புகை கருப்பாக, மிதிக்கும்போது மட்டும் வந்தால் முதலில் காற்றுப் பாதையைப் பாருங்கள். மிதிக்காதபோதும் நிற்காமல் கருப்பாக வந்தால் தெளிப்பான் ஒழுகுகிறதா என்று சந்தேகப்படலாம். நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது. இந்த நிற வேறுபாட்டைக் கருவி சொல்லாது, வண்டிக்குப் பின்னால் நிற்கும் ஆள்தான் சொல்ல வேண்டும்.

கருவி சொல்லாதது இன்னொன்றும் உண்டு. புகை வடிகட்டி பொருத்திய புதிய டீசல் வண்டிகளில் எண் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். வடிகட்டியில் வெடிப்பு விழுந்தாலும் பெரும்பாலும் ஏறாது. பச்சை வெளிச்சத்தின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள் அதை மிகக் குறைவாகவே மறைக்கும். அதனால் நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023 முதல், அத்தகைய வண்டிகளில் வெளிச்சத்தை அளப்பதை விட்டுத் துகள்களை எண்ணத் தொடங்கியிருக்கின்றன. நம் தோட்டப் பக்கம் ஓடும் பழைய லோரிகளுக்கு 43 சென்டிமீட்டர் குழாயே இன்னும் போதும்.

44 வந்த சீட்டை லோரிக்காரர் படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது, அங்கே இருந்த லோரியின் காற்று வடிகட்டியைக் கழற்றி எடுத்த படம். அதிலும் மடிப்பு தெரியாத அளவுக்குத் தூசு, அவர்கள் ஊருக்கே உரிய சாம்பல் நிறத்தில்.